கையில் 40 லட்சம், காத்திருப்பதோ 78 லட்சத்துக்கு வேலை: எதை எடுப்பது, எதைத் தள்ளுவது?

கேள்வி: ஐயா, ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் நடத்துகிறோம். சொந்தக் கட்டடம், முக்கால்வாசி ஜாப் ஒர்க். இந்த வருஷம் 40 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம், கடன் வாங்கக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. ஐந்து யோசனைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின்: 32 லட்சம், 8 வருஷம், வருஷத்துக்கு 8.8 லட்சம் மிச்சம் (இதில் தோல் மிச்சம் மட்டும் 2 லட்சம்). கம்ப்யூட்டர் தையல் மெஷின்கள்: 16 லட்சம், 7 வருஷம், வருஷத்துக்கு 5 லட்சம். மாடியில் ஷெட் போட்டு வாடகை கோடவுனைக் காலி செய்வது: 14 லட்சம், 10 வருஷம், வருஷத்துக்கு 3.5 லட்சம். சோலார்: 10 லட்சம், 15 வருஷம், வருஷத்துக்கு 2.4 லட்சம். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் மெஷின்களும் சாம்பிள் ரூமும்: 6 லட்சம், 5 வருஷம், வருஷத்துக்கு 2.45 லட்சம். ஆடிட்டர் 14 சதவீதத்தில் கணக்குப் போட்டு, ஐந்துமே லாபம், கட்டிங் மெஷினில்தான் அதிகம், அதை எடுங்கள் என்கிறார். தம்பி, போட்ட பணம் எது சீக்கிரம் திரும்புகிறதோ அதுதான் என்கிறான். யார் சொல்வது சரி?
— ஆம்பூர் வாசகர்

பதில்: உங்கள் ஆடிட்டர் போட்ட கணக்கில் தப்பில்லை, ஆனால் அவர் பதில் சொன்னது வேறு கேள்விக்கு. பணத்துக்குத் தட்டுப்பாடே இல்லை என்றால் ஒரு திட்டத்தின் நிகர இன்றைய மதிப்பு, அதாவது வரப்போகிற பணத்தின் இன்றைய மதிப்பில் போடுகிற பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது, பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மேலே இருந்தால் செய்ய வேண்டியதுதான், ஐந்தையும் செய்துவிடலாம், எது பெரியது எது சிறியது என்ற பேச்சே வராது. 40 லட்சம் என்று கோடு போட்டுவிட்ட பிறகு ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும். அப்போது ஒரு திட்டம் மொத்தமாக எவ்வளவு தருகிறது என்பதைவிட, அது விழுங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு தருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைக் காட்டுவதற்குத்தான் லாபக் குறியீடு என்ற ஒன்றை வைத்திருக்கிறோம்: வரப்போகிற பணத்தின் இன்றைய மதிப்பை, போடுகிற பணத்தால் வகுத்தால் வருகிற எண். சில பேர் நிகர மதிப்பை மட்டும் வகுத்து 1.47-க்குப் பதில் 0.47 என்று எழுதுவார்கள், வரிசை மாறாது, குழம்ப வேண்டாம்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். தையல் மெஷினை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 5 லட்சம் வீதம் 7 வருஷம் என்றால் கூட்டினால் 35 லட்சம், ஆனால் அடுத்த வருஷத்து 1.14 ரூபாய் இன்றைய 1 ரூபாய்க்குச் சமம் என்ற 14 சதவீதக் கணக்கில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 21.4 லட்சம்தான். போடுவது 16, ஆக நிகரம் 5.4 லட்சம், குறியீடு 1.34. இதே முறையில் சோலாருக்கு நிகரம் 4.7 லட்சம், குறியீடு 1.47. ஸ்கைவிங்குக்கு 2.4 லட்சம், 1.40. மாடி ஷெட்டுக்கு 4.3 லட்சம், 1.30. ஆடிட்டர் சொல்கிற கட்டிங் மெஷினுக்கு நிகரம் 8.8 லட்சம், ஐந்திலும் அதுதான் பெரிது, ஆனால் குறியீடு 1.28, ஐந்திலும் அதுதான் கடைசி. தனியாக நின்றால் அது ஜெயிக்கிறது, ஆனால் 32 லட்சத்தை ஒரே வாயில் போட்டுக்கொண்டு ஜெயிக்கிறது. அதை எடுத்தால் மீதி 8 லட்சம், அதில் ஸ்கைவிங் மட்டும்தான் நுழையும். இரண்டும் சேர்ந்து 11.2 லட்சம்.

தம்பி சொல்வதைப் பார்ப்போம். போட்ட பணம் திரும்புகிற கணக்கில் ஸ்கைவிங் முதலிடம், இரண்டரை வருஷத்துக்குள் வந்துவிடும். அப்புறம் தையல், கட்டிங், ஷெட், கடைசியில் சோலார், அதற்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். ரூபாய்க்கு அதிகம் தருகிற திட்டம் அவர் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது, கவனித்தீர்களா? காரணம், பணம் திரும்பிய நாளோடு அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்கைவிங் மெஷின் இரண்டரை வருஷம்தான் உழைக்கும், பேனல் பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்பது அதில் தெரியவே தெரியாது. அவர் வரிசைப்படி போனால் ஸ்கைவிங், தையல், ஷெட் என்று 36 லட்சம் போடுவீர்கள், 12.1 லட்சம் வரும். ஆடிட்டர் வழியைவிட இது மேல்.

சரி, குறியீட்டு வரிசைப்படி மேலிருந்து கீழே எடுத்துக்கொண்டு வந்தால்? சோலார் 10, ஸ்கைவிங் 6, தையல் 16, மொத்தம் 32 லட்சம், நிகரம் 12.5 லட்சம். அடுத்தது ஷெட், அதற்கு 14 வேண்டும், கையில் 8-தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர், பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் உட்பட, நிறுத்திவிடுகிறார்கள். குறியீட்டு வரிசை முழுசாகப் பலிக்க வேண்டுமென்றால் திட்டத்தைத் துண்டு போட்டு எடுக்க முடிய வேண்டும், அதாவது ஷெட்டில் பாதிக்கு மேல் கட்டி அதற்கு ஏற்ற பாதி வாடகையை மிச்சம் பிடிக்க முடிய வேண்டும். பாதி ஷெட் கட்டினால் கோடவுன்காரர் பாதி வாடகையா வாங்குவார்? உங்கள் ஐந்தில் எதையுமே பாதியாகச் செய்ய முடியாது, ஆகவே இங்கே வரிசை ஒரு தொடக்கம்தான். அந்த 8 லட்சம் பேங்கில் சும்மா கிடக்கும், அங்கே வருகிற வட்டி நீங்கள் எதிர்பார்க்கிற 14 சதவீதத்தைத் தொடாது, எனவே லாபக் கணக்கில் அதற்கு இடமில்லை.

இதற்கு மருந்து எளியது. எந்தெந்தத் திட்டங்களைச் சேர்த்தால் 40-க்குள் அடங்குகிறது, அந்தக் கூட்டணிகளில் எதன் மொத்த நிகரம் அதிகம் என்று பார்க்க வேண்டும். ஐந்து திட்டங்களுக்கு மொத்தமே 32 சேர்க்கைகள்தான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். எக்செல்லில் B பத்தியில் செலவு, D பத்தியில் நிகர மதிப்பு, E பத்தியில் எடுத்தால் 1, விட்டால் 0 என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். முதல் வரி தையல் மெஷினின் இன்றைய மதிப்பு, இரண்டாவது போடுகிற மொத்தப் பணம், மூன்றாவது மொத்த நிகரம்.

```
=-PV(14%,7,5)
=SUMPRODUCT(B2:B6,E2:E6)
=SUMPRODUCT(D2:D6,E2:E6)
```

அப்படிப் பார்த்தால் சோலார், தையல் மெஷின், மாடி ஷெட் மூன்றும் சேர்ந்து சரியாக 40 லட்சம், நிகரம் 14.4 லட்சம். 40-க்குள் அடங்குகிற வேறு எந்தச் சேர்க்கையும் இதைத் தொடவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்கைவிங்கை விட்டுவிட்டு நாலாம் இடத்து ஷெட்டை எடுப்பது முதலில் உறுத்தும், ஆனால் ஸ்கைவிங்குக்குப் போகிற 6 லட்சமும் சும்மா கிடக்கிற 8 லட்சமும் சேர்ந்துதான் ஷெட்டுக்கு வேண்டிய 14. 2.4 லட்சத்தை விட்டு 4.3 லட்சத்தை வாங்குகிறீர்கள்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் எண் தப்பென்றால் மேலே சொன்ன அத்தனையும் வீண். முதலில் கட்டிங் மெஷினின் அந்த 2 லட்சம் தோல் மிச்சம். ஜாப் ஒர்க்கில் தோல் யாருடையது? வேலை கொடுக்கிற பார்ட்டியுடையது. ஒரு ஜோடிக்கு இத்தனை சதுர அடி என்று அளவு போட்டுத்தான் தோலை அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டர் நெருக்கி அடுக்கி வெட்டினால் தோல் மிச்சமாகும், அது உண்மை. ஆனால் முதல் சீசனில் மிச்சம் உங்களிடம் நின்றாலும், உங்களிடம் புது மெஷின் ஓடுகிறது என்று தெரிந்ததும் அடுத்த ஆர்டரில் பார்ட்டி அந்த அளவையே குறைத்துவிடுவார். அந்த 2 லட்சத்தை முழுசாக எடுத்துவிட்டுப் பாருங்கள்: வருஷத்துக்கு 6.8 லட்சம், இன்றைய மதிப்பு 31.5 லட்சம், போடுவதோ 32. ஐந்திலேயே பெரிய லாபம் என்று சொன்ன திட்டம் அரை லட்சம் மைனஸில் நிற்கிறது. சொந்தத் தோலில் செய்கிற கால்வாசி வேலைக்கு மட்டும் தோல் மிச்சத்தைக் கணக்கில் சேருங்கள், மீதியைச் சேர்க்காதீர்கள். ஒரு திட்டத்தைத் தூக்கி நிறுத்துவது யார் பையில் விழுகிற பணம் என்பதை எந்த மெஷின் டீலரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார், அவர் காட்டுவது மெஷினின் மிச்சம், உங்கள் மிச்சம் அல்ல.

இரண்டாவது, சோலார். அதன் குறியீடு முதலிடத்தில் இருப்பதற்கு ஒரே காரணம் நீங்கள் போட்டிருக்கும் 15 வருஷம். அதையே 10 வருஷமாக்கினால் நிகரம் 4.7-லிருந்து 2.5 லட்சத்துக்கு இறங்கும், 8 வருஷமாக்கினால் 1.1 லட்சம்தான். 10 வருஷத்தில் சோலார், தையல், ஷெட் கூட்டணி 12.2 லட்சம், தம்பியின் ஸ்கைவிங், தையல், ஷெட் கூட்டணி 12.1 லட்சம், கிட்டத்தட்ட சமம். அதற்கும் கீழே போனால் தம்பி சொன்னதே சரியாகிவிடும். ஆக, முழுப் பதிலும் தொங்குவது ஒரே ஒரு கேள்வியில்: அந்தப் பேனல் உங்கள் மாடியில் 10 வருஷத்துக்கு மேல் வருஷம் 2.4 லட்சம் மிச்சம் பண்ணுமா? சொந்தக் கட்டடம் என்கிறீர்கள், அது நல்லது, வாடகைக் கட்டடமாக இருந்தால் நான் 15 வருஷத்தை ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன். பேனல் நீடிக்கும், ஆனால் இன்வெர்ட்டரை நடுவில் ஒரு முறை மாற்ற வேண்டிவரலாம். பத்தாவது வருஷம் அதற்கு ஒரு லட்சம் போகும் என்று வைத்தாலும் இன்றைய மதிப்பில் 27 ஆயிரம்தான், பதில் மாறாது. பதிலை மாற்றக்கூடியது ஞாயிற்றுக்கிழமையும், ஆர்டர் இல்லாமல் லைன் நிற்கிற மாதங்களும். அந்த நாட்களில் தயாராகிற கரண்டுக்கு உங்களுக்கு என்ன விலை கிடைக்கிறது என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டீலர் கொடுத்த 2.4 லட்சம், வருஷம் முழுக்க ஒவ்வொரு யூனிட்டையும் நீங்களே பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துப் போட்டதாக இருந்தால் அதை நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டது. ஷெட்டும் மாடியில், சோலாரும் மாடியில். இரண்டையும் தனித்தனித் திட்டம் போல எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டுக்கும் இடம் ஒன்றே. இந்த வருஷம் சோலார் போட்டுவிட்டு அடுத்த வருஷம் ஷெட் கட்டலாம் என்று நினைத்தால் பேனலைக் கழற்றி மறுபடி மாட்டுகிற கூலி தனியாக வரும். ஷெட்டை முதலில் கட்டி அதன் மேலேயே பேனலை ஏற்றலாம், அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை உதவாது, இரும்பு ஷீட் போட வேண்டும், தூண்களையும் குறுக்குச் சட்டங்களையும் பேனலின் எடை, காற்று இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கணக்குப் போட வேண்டும். 14 லட்ச எஸ்டிமேட்டில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால், கூடுகிற செலவை ஷெட்டின் தலையிலோ சோலாரின் தலையிலோ கட்டாமல் இரண்டையும் சேர்த்து ஒரே திட்டமாக எழுதி, சேர்க்கைகளை மறுபடி பாருங்கள். ஒன்றையொன்று தொடுகிற திட்டங்களுக்குத் தனித்தனியாகக் குறியீடு போட்டால் வரிசை பொய் சொல்லும்.

ஜிஎஸ்டி விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குக் கொடுத்த விலை வரி இல்லாமல் என்றால், அதற்கு மேல் வரியும் கூடுதலாகக் கையிலிருந்து போகும். பின்னால் கிரெடிட்டாக வரும், நிகர மதிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் உங்கள் பிரச்சினையே இந்த வருஷத்துப் பணம்தானே, அந்த வரியும் அதிலிருந்துதான் போக வேண்டும். கட்டட வேலைக்குக் கொடுக்கிற ஜிஎஸ்டி பெரும்பாலும் திரும்பவே வராது, அதை ஷெட்டின் செலவாகவே எழுதுங்கள். குறியீட்டின் கீழே வகுக்கிற எண்ணில் எப்போதும் எது தட்டுப்பாடோ அந்தப் பணம்தான் நிற்க வேண்டும். டீலர் பாதிப் பணத்தை அடுத்த வருஷம் கொடுங்கள் என்றால் இந்த வருஷத்துக் கணக்கில் மெஷினின் விலை பாதிதான், குறியீடு எகிறிவிடும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த வருஷத்துப் பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். இரண்டு வருஷத்துக்கு இரண்டு வரம்பு இருந்தால் ஒற்றைக் குறியீடு வேலைக்கு ஆகாது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோரி, சாவேஜ் இருவரும் 1955-லேயே இந்தச் சிக்கலை எடுத்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் அளவுக்கு அதே எக்செல் தாளில் அடுத்த வருஷத்துக்கு இன்னொரு செலவுப் பத்தி போட்டு, இரண்டு மொத்தமும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக, அப்பாவின் கண்டிப்பு. 40 லட்சம் என்ற வரம்பு பேங்க் போட்டதல்ல, நீங்களே போட்டுக்கொண்டது. இப்படி உள்ளுக்குள் போட்டுக்கொள்கிற வரம்பை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். உங்கள் வரம்பின் விலையைக் கணக்கிட முடியும். இன்னும் 6 லட்சம் இருந்தால் ஸ்கைவிங்கும் சேர்ந்து நான்கும் முடியும், நிகரம் 16.8 லட்சம். ஆக, அந்த 6 லட்சம் இல்லாததால் போவது 2.4 லட்சம். ஸ்கைவிங் திட்டம் தருகிற வருமான வீதம் வருஷத்துக்கு 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சிறு தொழிலுக்கு ஈடு கேட்காமல் கொடுக்கிற சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதக் கடனாக வாங்கினாலும் வட்டி பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது. கணக்கு கடன் வாங்கச் சொல்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். சோலார், தையல், ஷெட் மூன்றும் ஓட ஆரம்பித்தால் முதல் வருஷத்திலேயே 10.9 லட்சம் மிச்சமாகும். ஸ்கைவிங்குக்கு வேண்டிய 6 லட்சம் அதிலிருந்தே அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம். 2.4 லட்சம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் இன்றைய மதிப்பில் 2.1 லட்சம். ஆக, அப்பா பேச்சைக் கேட்பதால் உங்களுக்கு உண்மையில் நஷ்டம் 30 ஆயிரம் ரூபாய் மட்டுமே. பார்ட்டி பணம் தரத் தாமதித்தாலும் மாதத் தவணை கட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் இருப்பதற்கு அந்த 30 ஆயிரம் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் இடத்தில் இருந்தால் நான் கடன் வாங்க மாட்டேன். ஒரே ஒரு விதிவிலக்கு: சாம்பிள் ரூம் இந்த சீசனுக்குள் இருந்தால்தான் ஒரு புது பையர் வருவார், தள்ளினால் அவர் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார் என்றால் தள்ளிப்போடுவதன் விலை 30 ஆயிரம் இல்லை, முழு 2.4 லட்சமும்தான். அப்படி ஒரு பையர் நிஜமாகவே கையில் இருந்தால், அந்த 6 லட்சத்துக்கு மட்டும் அப்பாவிடம் இந்த எண்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

கட்டிங் மெஷினை இந்த வருஷம் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மனசு அதில் நிற்கிறது என்று புரிகிறது. சொந்தத் தோலில் செய்கிற வேலை பாதிக்கு மேல் போகும்போது, டை செலவும் ஆள் கூலியும் அப்போதைய விலையில் போட்டு மறுபடி எழுதுங்கள், அது வேறு கணக்காக இருக்கும். இப்போதைக்கு முதல் வேலை ஷெட் இன்ஜினியர். 40 லட்சமும் ஒரே நாளில் போகப் போவதில்லை. ஷெட் எழும்புகிற மாதங்களில் தையல் மெஷினை முன்னால் வாங்கி ஓட்டினால் அதன் ஜிஎஸ்டி கிரெடிட், பேனலுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்துக்குள் ஓரளவாவது திரும்பியிருக்கும்.